துவைத்தும் போகாத எண்ணெய், புகை, ஊதுபத்தி வாடை: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஐப்பசி அடைமழையும் தீபாவளிப் பலகாரமும் டெல்டாவில் ஒன்றாகத்தான் வரும். சன்னலைத் திறந்தால் சாரல் அடிக்கும், மூடினால் எண்ணெய்ப் புகை நிற்கும். இரண்டு நாள் முறுக்கும் அதிரசமும் சுட்ட வீட்டில், பண்டிகை முடிந்த பிறகும் கூடத்துத் திரைச்சீலையிலும் கொடியில் கிடந்த சட்டையிலும் ஒரு காறல் வாடை தங்கிவிடுகிறது. முற்றம் வைத்த பழைய வீட்டில் புகை மேலே போய்விடும். கான்கிரீட் தளம் போட்ட வீட்டில் அது தளத்தில் முட்டி, சுற்றி, துணியில்தான் வந்து உட்காரும்.

துவைத்தும் போகவில்லை என்பவர்கள் பெரும்பாலும் சோப்பை மாற்றிப் பார்க்கிறார்கள், அல்லது வாசனைத் திரவத்தைக் கூடுதலாக ஊற்றுகிறார்கள். அதற்கு முன் தெரிய வேண்டியது, வாடை துணியில் எந்த உருவத்தில் இருக்கிறது என்பது. ஆவியாக நூலுக்குள் புகுந்திருக்கலாம். எண்ணெய்ப் படலமாக நூலின் மேல் ஒட்டியிருக்கலாம். கரித்துகளும் பிசினுமாகப் படிந்திருக்கலாம். ஆவிக்குக் காற்றும் ஈரமும் போதும். எண்ணெய்க்கு வெந்நீரும் சோப்பும் நேரமும் வேண்டும். கரிக்கு முதலில் உதறல், அப்புறம்தான் தண்ணீர். ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்குப் பலிக்காது.

## முதலில் ஒரு சோதனை

காய்ந்த துணியை மோந்து பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அதே வீட்டில் இருக்கிற மூக்கு அந்த வாடைக்குப் பழகியிருக்கும். பத்து நிமிடம் கொல்லைப்பக்கம் போய் நின்றுவிட்டு வந்து பாருங்கள், அல்லது வெளியிலிருந்து வந்தவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

துணியின் ஒரு முனையில் வெதுவெதுப்பான தண்ணீரை லேசாகத் தெளித்து, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அரை மணி நேரம் வெயிலிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ வையுங்கள். திறந்தவுடன் மோந்து பாருங்கள். காய்ந்த துணியில் தெரியாத வாடை இதில் தெரிந்துவிடும்.

அடுத்தது இஸ்திரிச் சோதனை. சந்தேகப்படும் இடத்தின் மேல் வெள்ளை டிஷ்யூ தாளை வைத்து, பட்டுத்துணிக்கு வைக்கிற சூட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சில நொடிகள் அழுத்துங்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்தால், கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற திட்டு இருக்கிறதா? இருந்தால் எண்ணெய்ப் படலம். மிக மெல்லிய படலமாக இருந்தால் திட்டு விழாமலும் போகலாம். அப்போது இஸ்திரிச் சூட்டில் எழும் வாடையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

துணி பருத்தியா பாலியஸ்டரா என்று தெரியாவிட்டால், ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிரித்து இடுக்கியில் பிடித்து, ஈரத்தட்டுக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி தாள் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும். கலப்பு நூலில் சாம்பலும் மணியும் சேர்ந்தே வரும். இன்றைக்குக் கடையில் வாங்கும் ஸ்கிரீன் துணியில் பெரும்பகுதி பாலியஸ்டர்தான், கைக்குப் பருத்தி போலத் தெரிந்தாலும்.

## அறிகுறி: காய்ந்த துணியில் ஒன்றுமில்லை, இஸ்திரி போட்டால், உடுத்தி வியர்த்தால், சாயங்காலம் கூடம் புழுங்கினால் எண்ணெய் வாடை எழுகிறது

இது பாலியஸ்டரில் தங்கிய பொரித்த எண்ணெய். வீடுகளில் மிகுதியாக வரும் தொல்லை இதுதான், சரியாகப் புரிந்துகொள்ளப்படாததும் இதுதான்.

காய்ந்த எண்ணெயில் மாவு விழுந்ததும் மாவிலுள்ள ஈரம் நீராவியாகி வெடித்துக் கிளம்பும்போது, எண்ணெயையும் மிக நுண்ணிய துளிகளாகத் தூக்கிக்கொண்டு போகிறது. சட்டியைச் சுற்றித் தெறிப்பவை பெரிய துளிகள். கண்ணுக்குத் தெரியாதவை நெடுநேரம் காற்றில் மிதந்து, மேலே எழுந்து, குளிர்ந்த துணியிலும் சுவரிலும் ஒட்டும். பொரித்த பண்டத்தின் வாசனை அந்தத் துளிகளுக்குள்ளேயே இருக்கிறது. எண்ணெயிலுள்ள லினோலியிக் அமிலம் சூட்டில் சிதைந்து உண்டாகும் ஆல்டிஹைடு வகைப் பொருட்கள்தான் அந்த வாசனை. முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் துணியில் ஒட்டிய படலம் மிக மெல்லியது, காற்று அதன் முழுப் பரப்பிலும் படுகிறது. நாள் போகப்போக அது காறிப்போய், பழைய எண்ணெய்த் தூக்கில் வரும் சிக்கு வாடையாக மாறும். சூரியகாந்தி எண்ணெயில் லினோலியிக் அமிலம் அதிகம், அதனால் சீக்கிரம் காறும். கடலை எண்ணெயில் கொஞ்சம் குறைவு. தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு.

பாலியஸ்டர் ஏன் அதை விடமாட்டேன் என்கிறது? தண்ணீருக்கு அந்த நூலுக்குள் இடமே கிடையாது. மிதமான ஈரமுள்ள காற்றில் வைத்த பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் வாங்கும். ஆனால் எண்ணெய் தன்மையுள்ள எதுவும் அதில் நன்றாகப் பரவும், ஆவியானால் நூலுக்குள்ளேயே கொஞ்சம் கரைந்தும் போகும். குளிர்ந்த தண்ணீரில் துவைத்தால் தண்ணீர் நூலின் மேலாக ஓடுமே தவிர எண்ணெயைத் தூக்காது. காயவைத்தால் வாடை அடங்கியிருக்கும். சூடு பட்டதும் நூல் தளர்ந்து, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வரும். அதனால்தான் கொடியில் நல்ல துணியாகத் தெரிந்தது உடம்பில் போட்டதும் வாடை அடிக்கிறது.

கும்பகோணத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கார்த்திகை மாதம் கேட்டது இதைத்தான். "ரெண்டு தடவை மெஷின்ல போட்டாச்சு தம்பி. காயும்போது ஒண்ணும் தெரியல. மாட்டின அன்னைக்குச் சாயங்காலமே பஜ்ஜிக் கடை மாதிரி வாடை வந்துடுது." அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே தொங்குகிற, உலோக வளையம் வைத்துத் தைத்த மெரூன் நிறத் திரை அது. அலசும்போது வாசனைக் கண்டிஷனரை இரண்டு மூடி ஊற்றியிருந்தார்.

நூலைக் கொளுத்திப் பார்த்தோம், மணியாக உருகியது. டிஷ்யூ தாளைக் கீழ் ஓரத்தில் வைத்து இஸ்திரி போட்டால் தாளில் ஒன்றும் விழவில்லை. மேல் ஓரத்தில், வளையத்துக்கு இடையே வைத்தால் விரல்நக அளவுக்குத் திட்டு விழுந்தது. சூடான காற்று மேலே போய்த் தளத்தில் பரவுவதால் திரையின் தலைப்பகுதிதான் எண்ணெயை அதிகம் வாங்குகிறது. அங்கேதான் துணியை மடித்து உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைத்திருப்பார்கள். மூன்று நான்கு அடுக்குக்குள் போன எண்ணெயை மெஷின் தண்ணீர் எட்டுவதே இல்லை. "தொங்குற கம்பியைத் துடைச்சுப் பாருங்கக்கா" என்றேன். ஈரத்துணியில் பழுப்பு நிறப் பசை வந்தது, தேன்பாகு போல இழுத்தது. திரையை வெளுத்து அந்தக் கம்பியிலேயே மாட்டினால் வாடை திரும்ப வராமல் என்ன செய்யும்?

செய்தது இதுதான். வளையங்களுக்கு இடையே உள்ள கேன்வாஸ் பட்டையில் மட்டும், காய்ந்த துணியாக இருக்கும்போதே, பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் தடவி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, இருபது நிமிடம் விட்டோம். தண்ணீர் பட்டுவிட்டால் திரவம் நீர்த்துப்போகும், எண்ணெயோடு நேராகக் கலக்காது. அதனால்தான் காய்ந்த துணியில் தடவுவது.

பிறகு பெரிய வாளியில் 9 லிட்டர் குழாய்த் தண்ணீரில் 3 லிட்டர் கொதிநீரைக் கலந்தோம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீருக்கு இந்தக் கலவை ஏறக்குறைய 45 டிகிரியில் நிற்கும், கை பொறுக்கும் கடைசிச் சூடு. அதில் சலவை சோடா ஒரு மேசைக்கரண்டி, துணி சோப்புத் தூள் இரண்டு மேசைக்கரண்டி. சோடா முதலில், நன்றாகக் கரைந்த பிறகு சோப்பு. போர்த் தண்ணீரின் கடினத்தைச் சோடா வாங்கிக்கொண்டால்தான் சோப்பு முழுதாக எண்ணெயில் வேலை செய்யும். சாயம் போகுமா என்று உள் மடிப்பில் முன்னாலேயே பார்த்துக்கொண்டோம். நாற்பது நிமிடம் ஊறியது, இடையிடையே அமுக்கிப் புரட்டினோம். அதற்கு மேல் ஊறவிடக் கூடாது. தண்ணீர் ஆறினால், அதில் மிதக்கிற எண்ணெய் மறுபடி துணியிலேயே போய் ஒட்டும். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் இன்னும் நன்றாகப் போகும் என்பது பாலியஸ்டரில் நேர்மாறாகத்தான் முடியும்.

முதல் அலசலும் வெதுவெதுப்பான தண்ணீரில்தான். அந்த வாளியில் தண்ணீர் கலங்கி, மேலே மெல்லிய மஞ்சள் படலம் நின்றது. அதற்குப் பிறகு இரண்டு முறை சாதாரணத் தண்ணீர். கண்டிஷனர் போடவில்லை. மென்மை தரும் அந்தத் திரவம் நூலின் மேல் கொழுப்புத் தன்மையுள்ள ஒரு பூச்சு. பழைய எண்ணெயை உள்ளே வைத்து மூடுகிறது, அடுத்த எண்ணெய்க்கும் இடம் கொடுக்கிறது. அக்கா வீட்டில் வாடை போகாததற்கு அதுவும் ஒரு பெரிய காரணம்.

திரை காய்வதற்குள் கம்பியையும் நிலையின் மேல்விளிம்பையும் திரைக்கு மேலே உள்ள ஒரு முழச் சுவரையும் சோப்புத் தண்ணீரில் துடைத்தாயிற்று. காய்ந்த திரையின் தலைப்பை டப்பாச் சோதனையில் வைத்தால் இன்னும் லேசாக வாடை இருந்தது, கீழ்ப்பகுதியில் இல்லை. தலைப்புக்கு மட்டும் திரவம் தடவும் வேலையை இன்னொரு முறை செய்தோம். அதற்குப் பிறகு டப்பாவில் ஒன்றும் வரவில்லை. மாட்டிய பின் மழை நாளிலும் வரவில்லை.

சட்டை, சுடிதார், நைட்டிக்கும் இதே வழிதான். கழுத்துப்பட்டை, கைமடிப்பு, மார்புப் பகுதி ஆகிய இடங்களில் திரவத்தைத் தடவுங்கள். வாடை போனது உறுதியாகும் வரை இஸ்திரி போடாதீர்கள். மிச்சமிருக்கும் எண்ணெயைச் சூடு இன்னும் கெட்டியாக்கும். பாத்திரம் துலக்கும் திரவத்தை வாஷிங் மெஷினில் ஊற்றவும் கூடாது. நுரை பொங்கி வெளியே வரும், மெஷின் அலசவே முடியாமல் நிற்கும். தடவிய துணியை வாளியில் நன்றாக அலசிய பிறகே மெஷினுக்குப் போக வேண்டும்.

ஒரு எல்லை உண்டு. வெளிச்சம் புகாமல் இருக்கப் பின்பக்கம் பூச்சு போட்ட திரைகளுக்கு 45 டிகிரியும் சோடாவும் ஆகாது. பூச்சு சுருங்கி உரியும். அதற்கு வெதுவெதுப்பான தண்ணீரும் மிதமான திரவ சோப்பும் மட்டும், முறுக்கிப் பிழியாமல். அந்தப் பூச்சுக்குள்ளேயே எண்ணெய் ஏறியிருந்தால் வீட்டில் எடுக்க முடியாது. அடுக்களைப் பக்கம் அந்த வகைத் திரையை மாட்டாமல் இருப்பதுதான் வழி.

## அறிகுறி: மழை பிடித்தால், துணி நமுத்தால் விறகுப் புகை வாடை வருகிறது, வெயில் அடித்தால் காணாமல் போகிறது

இது பருத்தி. கைத்தறிச் சேலை, வேட்டி, துண்டு, போர்வை. கல்யாண வீட்டில் கொல்லையில் கோட்டை அடுப்பு மூட்டிச் சமைத்தவர்கள், இன்னும் தென்னை மட்டையும் சீமைக்கருவை விறகும் வைத்துத் தண்ணீர் காய்ச்சுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வாடை.

விறகிலுள்ள லிக்னின் எரியும்போது குவாயகால், சிரிங்கால், கிரிசால் போன்ற பீனால் வகைப் பொருட்கள் வருகின்றன. புகை வாடை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். பருத்தி நூலில் தண்ணீர் எங்கே போய் ஒட்டுமோ, அதே இடங்களில்தான் இவையும் ஒட்டுகின்றன. காற்றில் ஈரம் ஏறும்போது தண்ணீர் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, பீனால் இடம்பெயர்ந்து காற்றுக்கு வருகிறது. மழை நாளில் மட்டும் சேலை மணப்பதற்கு அதுவே காரணம். இது நல்ல செய்தியும்கூட. எதை ஈரம் கிளப்புகிறதோ, அதை ஈரத்தாலேயே வெளியேற்றலாம்.

புகை லேசாகத்தான் பட்டது என்றால் துவைக்கவே வேண்டாம். தண்ணீரை நுண்ணிய சாரலாகத் தெளித்து, துணி ஈரம் தெரியும் அளவுக்கு மட்டும் நனைத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் முழு நீளமும் விரிந்திருக்கும்படி போடுங்கள். காய்ந்ததும் இன்னொரு முறை. டெல்டாவில் விடியற்காலைக் காற்றில் ஈரம் நிறைய இருக்கும். பத்து மணிக்கு மேல் போட்டு, வெயில் தாழுமுன் எடுத்துவிடுங்கள். கொடியில் இரண்டாக மடித்துப் போட்டால் உள்மடிப்பில் வாடை அப்படியே நிற்கும்.

அழுத்தமான புகை என்றால், முதலில் காய்ந்த துணியை வெளியே வைத்து நன்றாக உதறுங்கள். கரித்துகள் மேலே இருக்கும்போது நனைத்துத் தேய்த்தால் சாம்பல் நிறக் கறையாக நூலுக்குள் போய்விடும். பிறகு 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் சலவை சோடா இரண்டு மேசைக்கரண்டி கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, அதே வாளியில் சோப்புப் போட்டுத் துவைக்கலாம். பீனால்கள் மிக மென்மையான அமிலங்கள். சோடாவின் காரத்தில் ஓரளவு உப்பாக மாறித் தண்ணீரோடு வந்துவிடும். சமையல் சோடா இதற்குப் போதாது, அதன் காரம் மிகவும் குறைவு. வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு என்றால் ஆக்சிஜன் பிளீச் எனப்படும் சோடியம் பெர்கார்பனேட் ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம், வாடையோடு பழுப்பும் போகும். சாயம் நிலையில்லாத கைத்தறிச் சேலைக்குச் சோடாவும் வேண்டாம், பெர்கார்பனேட்டும் வேண்டாம். தெளித்து உலர்த்தும் வழியையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள், மெதுவாகப் போகும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கரையோரப் பகுதியில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெயிலிருந்து செய்த சவுக்காரக் கட்டி கடினமான தண்ணீரில் நுரைக்காமல் வெள்ளைத் திரியாகத் திரிந்து துணியிலேயே படியும். அந்தப் படிவும் வாடையைப் பிடிக்கும். துவைத்த துணி விறைப்பாகவும் வாடையோடும் இருந்தால் இதுவாக இருக்கலாம். கடைசி அலசலுக்காவது பிடித்துவைத்த மழைத்தண்ணீர் கிடைத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

## அறிகுறி: எண்ணெய் வாடையும் ஊதுபத்தி வாசனையும் சேர்ந்து தலைவலி தருகிறது

பலகாரம் சுட்ட வாடையை மறைக்க ஊதுபத்தி ஏற்றிய வீடு. ஊதுபத்திப் புகை எந்த வாடையையும் எடுக்காது. ஏற்கெனவே துணியில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தில் அந்தப் புகையின் வாசனைப் பொருளும் வந்து கரையும், அவ்வளவுதான். ஊதுபத்தியில் சேர்க்கும் செயற்கை வாசனைகளில் பல, வேண்டுமென்றே சீக்கிரம் ஆவியாகாதவையாகத் தேர்ந்தெடுக்கப்படுபவை. பாலியஸ்டர் திரையில் அவை பல வாரம் நிற்கும்.

எனவே ஊதுபத்தி வாசனையைத் தனியாக எடுக்கப் பார்க்க வேண்டாம். அடியிலுள்ள எண்ணெயை மேலே சொன்னபடி எடுத்தால் இதுவும் அதோடு வரும். வினிகர் தெளிப்பதால் பயனில்லை.

சாம்பிராணி வேறு. வெள்ளிக்கிழமை தலை முழுகித் தூபம் பிடிக்கும்போது துண்டிலும் ரவிக்கையிலும் ஏறுவது பிசினின் ஆவி. அதில் பென்சாயிக் அமிலம், சின்னமிக் அமிலம் முதலியவை இருக்கின்றன. அமிலமாக இருப்பதால் பருத்தியில் சலவை சோடாத் தண்ணீர் அவற்றை எளிதாகக் கரைத்துவிடும். பிசின் சொட்டாகப் பட்டு ஒட்டியிருந்தால் சோடா போதாது. பனிக்கட்டி வைத்து இறுகவிட்டு நகத்தால் பெயர்த்து எடுத்து, மிச்சத்தை மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டை நனைத்த பஞ்சால், அடுப்புக்கு எட்டத்தில் வைத்து, ஒற்றி எடுங்கள். கற்பூரமும் அந்துருண்டையும் தாமாகவே ஆவியாகிறவை, அவற்றுக்குக் காற்று மட்டும் போதும்.

## அறிகுறி: ஹோமத்துக்கு உடுத்திய பட்டுப்புடவையில் புகை வாடை

திருபுவனம் பட்டு என்றாலும் வேறு பட்டு என்றாலும் மேலே சொன்ன எதையும் இதற்குச் செய்யாதீர்கள். பட்டு புரதம். சலவை சோடாவின் காரம் அதை அரிக்கும், புரதத்தைக் கரைக்கும் என்சைம் சேர்த்த சோப்புத்தூள் அதைவிட மோசம். அமிலத்தையும் காரத்தையும் இரண்டையும் பிடித்துக்கொள்ளும் தன்மை புரதத்துக்கு இருப்பதால், பட்டு எல்லா வகை வாடையையும் வாங்கும். பொறுமையாகத்தான் விடும்.

உடுத்திய அன்றே மடித்து பீரோவில் வைக்காமல், நிழலில், மரக் கொம்பிலோ துணி சுற்றிய கொடியிலோ பிரித்துத் தொங்கவிடுங்கள். நேர் வெயில் பட்டின் நிறத்தை வெளிறச் செய்து நூலையும் பலவீனமாக்கும். மடிப்பு விழும் இடத்தைத் தினமும் மாற்றிப் போடுங்கள். இரண்டு மூன்று நாளில் பெரும்பகுதி போய்விடும். போகவில்லை என்றால், ஒரு பெட்டியின் அடியில் அகலக் கிண்ணத்தில் அடுப்புக்கரியைத் தட்டி வைத்து, மேலே வெள்ளைத் துணி விரித்து, கரி படாதபடி புடவையைத் தளர்வாக மடித்து வைத்து ஒரு வாரம் மூடிவையுங்கள். வாடை ஆவியைக் கரியின் நுண்துளைகள் இழுத்துக்கொள்ளும். சமையல் சோடாவை நேரடியாகப் புடவையில் தூவுவது தவறு. ஜரிகை இடுக்கில் போன தூள் வெளியே வராது, ஈரம் பட்டால் காரமாகிவிடும்.

எண்ணெய்த் துளியோ நெய்யோ சேர்ந்து பட்டிருந்தால் காற்றும் கரியும் போதாது. உலர் சலவைக்குத்தான் கொடுக்க வேண்டும். அங்கே கரைப்பான் திரவம் எண்ணெயைக் கரைக்கும். எந்த இடத்தில் என்ன பட்டது என்பதை ஒரு தாளில் எழுதிப் புடவையோடு குத்திக் கொடுங்கள்.

## அறிகுறி: மீன் வறுத்த அன்றைய துணியில் எண்ணெய் வாடைக்கு மேல் ஒரு கவுச்சி

கவுச்சி அமீன் வகைப் பொருளால் வருவது, அது காரம். வினிகர் உதவுகிற இடம் இது ஒன்றுதான். எண்ணெயை வழக்கம்போல எடுத்துவிட்டு, கடைசி அலசலுக்கு ஒரு வாளித் தண்ணீரில் கால் டம்ளர் வினிகரோ இரண்டு எலுமிச்சம்பழச் சாறோ கலந்து அமுக்கி எடுங்கள். அமிலம் அமீனை உப்பாக்கிவிடும், வாடை அடங்கும். குளோரின் பிளீச் போட்ட துணிக்கோ வாளிக்கோ வினிகர் சேர்க்கவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

## அறிகுறி: துணி சுத்தம், டப்பாச் சோதனையிலும் ஒன்றுமில்லை, மாட்டி ஒரு வாரத்தில் வாடை திரும்புகிறது

வாடை துணியிலிருந்து வரவில்லை, துணிக்கு வருகிறது. மூலம் பெரும்பாலும் புகைபோக்கி விசிறியின் இறக்கை, குளிர்சாதனப் பெட்டியின் தலைப்பகுதி, அலமாரியின் மேல்தட்டு, சோபாவின் நுரை. விரலால் தொட்டு ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டும் இடத்தையெல்லாம் சோப்பு கலந்த வெந்நீரில் துடைத்த பிறகே திரையை மாட்டுங்கள். விசிறியை முதலில் மின்சாரத்திலிருந்து துண்டியுங்கள். அடுத்த முறை எண்ணெய் காய்வதற்கு முன்பே விசிறியைப் போட்டு, அடுப்பை அணைத்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். கூடத்துத் திரையை அன்று காலையே கழற்றி வைத்துவிட்டால் மேலே எழுதிய வேலையில் பாதி மிச்சம்.

இதே மூலத்தில் சேர்வதுதான் அடுக்களைக் கரித்துணி. சட்டியை இறக்கவும் எண்ணெயைத் துடைக்கவும் பயன்படும் அதை மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் வாளி முழுக்க எண்ணெய் பரவும். தனியாக, கொஞ்சம் கூடுதல் சூடான தண்ணீரில் துவைத்து, விரித்துக் காயவிடுங்கள். சரியாகப் போகாத எண்ணெயோடு சுடச்சுடக் காய்ந்த துணிகளைக் குவியலாக மடித்து மூலையில் வைக்காதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காறும்போது வெப்பம் உண்டாகிறது, குவியலின் நடுவில் அந்த வெப்பத்துக்கு வெளியேற வழியில்லை. துணி உலர்த்தும் இயந்திரத்திலிருந்து எடுத்த இப்படிப்பட்ட குவியல் தானே தீப்பற்றிய நிகழ்வுகள் உண்டு. நன்றாக ஆறிய பிறகு மடியுங்கள். பலமுறை வெந்நீரில் போட்டும் பிசுபிசுப்பு போகாத கரித்துணியைத் தண்ணீரில் நனைத்து, தனிப்பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுத்துவிடுங்கள்.